விடை சரி, படம் தவறு

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்திய எந்தக் கணித ஆசிரியருக்கும் இந்தக் கணக்கு பழக்கமானது. 60 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்க்கும்போது, ஒரே பக்கத்தில் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும் இரு கப்பல்கள் 30°, 60° இறக்கக் கோணங்களில் தெரிகின்றன. கப்பல்களுக்கு இடையே உள்ள தொலைவு என்ன? விடை 40√3 மீட்டர், அதாவது சுமார் 69.28 மீட்டர்.

ஒரு மாணவர் இந்த விடையைச் சரியாகவே எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய படத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் இறக்கக் கோணம் இடம் மாறியிருப்பது தெரியும். உச்சியில் கிடைமட்டக் கோடே இல்லை. கலங்கரை விளக்கத்தைக் குறிக்கும் செங்குத்துக் கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில் அவர் கோணத்தைக் குறித்திருக்கிறார். அருகில் உள்ள கப்பலுக்கு 30°, தொலைவில் உள்ளதற்கு 60°. அவர் கணக்குப்படி அருகில் உள்ள கப்பலின் தூரம் 60 × tan 30° = 20√3, தொலைவில் உள்ளதன் தூரம் 60 × tan 60° = 60√3. கழித்தால் 40√3.

சரியாகப் படம் வரைந்தவருக்கும் இதே எண்கள்தான் வரும். அவர் அருகில் உள்ள கப்பலுக்கு 60° என்று வைத்து 60 ÷ tan 60° என்று எழுதியிருப்பார். அதுவும் 20√3 தான். 30-ம் 60-ம் சேர்ந்தால் 90 என்பதால், கோணத்தைத் தப்பான இடத்தில் வைத்தவர் இரு கப்பல்களின் கோணங்களையும் தம்மை அறியாமலே இடம் மாற்றிக்கொண்டு சரியான முக்கோணங்களுக்கே வந்து சேர்ந்துவிடுகிறார். கப்பல்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றாலும் இதே கதைதான். அப்போது கழிப்பதற்குப் பதில் கூட்டுவார், 80√3 என்ற சரியான விடை கிடைக்கும். இறக்கக் கோணம் எங்கே இருக்கிறது என்று தெரியாத மாணவர், தெரிந்தவர் வாங்கும் மதிப்பெண்ணையே வாங்கிக்கொண்டு போகிறார்.

கோணங்களில் ஒன்றை மட்டும் மாற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதே கலங்கரை விளக்கம், இறக்கக் கோணங்கள் 30°, 45° என்று கேட்போம். சரியான முறையில் அருகில் உள்ள கப்பல் 60 மீட்டரிலும் தொலைவில் உள்ளது 103.92 மீட்டரிலும் நிற்கின்றன, இடைத்தொலைவு 43.92 மீட்டர். செங்குத்துக் கோட்டிலிருந்து கோணத்தை அளந்தவருக்கோ கப்பல்கள் 34.64 மீட்டரிலும் 60 மீட்டரிலும் வந்து நிற்கும்; இடைத்தொலைவு 25.36 மீட்டர். இரண்டு விடைகளும் ஒட்டவே ஒட்டாது. இங்கே படத்தைப் பார்க்காமலேயே பிழை இன்னதென்று சொல்லிவிடலாம்.

விகிதத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம் என்ற பெயர்கள் பக்கங்களுக்கு நிலையாக ஒட்டியவை அல்ல. கோணம் இருக்கும் உச்சியைப் பொறுத்து மாறுபவை. கோணம் இடம் மாறினால் எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் தமக்குள் மாறிக்கொள்கின்றன. அதன் பிறகு எந்தச் சூத்திரத்தை எவ்வளவு மனப்பாடமாக ஒப்பித்தாலும் பயனில்லை. ஆகவே இறக்கக் கோணக் கணக்கில் முதல் வேலை உச்சி வழியாகக் கிடைமட்டக் கோடு போடுவது. இரண்டாவது வேலை, அந்தக் கோடு தரைக்கு இணை என்பதால் ஒன்றுவிட்ட கோணம் கப்பல் நிற்கும் இடத்துக்கு இறங்குகிறது என்று காட்டுவது. கோணம் கப்பலிடம் வந்துவிட்டால் உயரம் எதிர்ப்பக்கம் ஆகிறது, கடல்மட்டத் தூரம் அடுத்துள்ள பக்கம் ஆகிறது.

விகிதத்தைத் தேர்வது மூன்றாவது வேலை. அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தக் கணக்கில் பேச்சே எழாத பக்கம் எது? கப்பல் கணக்கில் கர்ணத்தைப் பற்றிப் பேச்சில்லை, ஆகவே டேன். பட்டத்தின் நூல் நீளம் கொடுத்து உயரம் கேட்டால் தரைத் தூரத்துக்கு வேலையில்லை, ஆகவே சைன். ஏணியின் நீளம் கொடுத்து அதன் அடி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றால் உயரம் தேவைப்படவில்லை, ஆகவே காஸ். இந்தப் பாடத்தில் பெரும்பாலான கணக்குகள் டேனிலேயே முடிவதால், மாணவர்கள் பட்டம் கணக்கிலும் பழக்கதோஷத்தில் டேனையே எடுப்பதுண்டு. நூல் 100 மீட்டர், கோணம் 60° என்றால் அவர்களுக்குப் பட்டத்தின் உயரம் 173 மீட்டர் என்று வரும். நூலைவிட உயரத்தில் பட்டம் பறக்காது என்று மாணவரே கண்டுகொள்ளலாம். கோணம் 30° என்று இருந்தால் அந்த வசதியும் போய்விடும். தவறான விடை 57.7 மீட்டர், சரியான விடை 50 மீட்டர். இரண்டுமே நம்பும்படிதான் இருக்கின்றன.

45° இன்னும் மோசம். அங்கே சைனும் காஸும் ஒன்றே, டேனின் மதிப்பு 1. சைனுக்குப் பதில் காஸ் போட்டாலும், டேனைத் தலைகீழாக எழுதினாலும், இறக்கக் கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தாலும் விடை மாறாது. கட்டடத்தின் உச்சியிலிருந்து எதிரே உள்ள கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றக் கோணம் 60°, அடிக்கு இறக்கக் கோணம் 45° என்று வரும் கணக்கை எத்தனை வினாத்தாள்களில் பார்த்திருப்போம்! அந்தக் கணக்கில் இறக்கக் கோணம் புரிந்ததா என்பதைச் சோதிக்கும் பகுதி எதையும் சோதிப்பதில்லை.

இறக்கக் கோணம் எதற்காக என்று வகுப்பில் காட்ட நல்ல சான்று வேண்டுவோர் அல்பிரூனியிடம் போகலாம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டையில் இருந்தபோது, அங்கிருந்த மலை ஒன்றின் உதவியால் பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். முதலில் சமவெளியில் இரண்டு இடங்களிலிருந்து மலையுச்சியின் ஏற்றக் கோணங்களை அளந்து, நம் பாடநூல் கணக்கைப் போலவே உயரத்தைக் கண்டார். அது சுமார் 652 முழம். பிறகு உச்சிக்குப் போய், தொடுவானம் கிடைமட்டத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று அளந்தார். அந்த இறக்கக் கோணம் 34 நிமிடம், அதாவது ஒரு பாகையில் பாதிக்குச் சற்று மேல்.

இங்கே முக்கோணத்தின் மூன்று முனைகள் பூமியின் மையம், மலையுச்சி, தொடுவானப் புள்ளி. பார்வைக் கோடு பூமிக்குத் தொடுகோடு என்பதால் செங்கோணம் தொடுவானப் புள்ளியில் இருக்கிறது. உச்சியில் கிடைமட்டத்துக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையே உள்ள 34 நிமிடமும், மையத்தில் உண்டாகும் கோணமும் சமம். இரண்டுமே உச்சியில் எஞ்சும் கோணத்தின் நிரப்புக் கோணங்கள். மையத்திலிருந்து பார்த்தால் அடுத்துள்ள பக்கம் ஆரம் R, கர்ணம் R + h. உச்சியிலிருந்து தொடுவானம் வரை உள்ள தூரம் தெரியாது, தேவையுமில்லை. பேச்சில்லாத பக்கம் எதிர்ப்பக்கம், ஆகவே காஸ்.

cos θ = R ÷ (R + h)

இதிலிருந்து R = h cos θ ÷ (1 − cos θ). அல்பிரூனிக்குக் கிடைத்தது சுமார் 1.28 கோடி முழம். அதே 652 முழத்தையும் 34 நிமிடத்தையும் இன்றைய கணிப்பானில் போட்டால் ஏறத்தாழ 1.33 கோடி வருகிறது. அளவுகள் ஒன்றாக இருந்தும் விடை விலகுவதற்குக் காரணம் கீழே உள்ள 1 − cos θ. அதன் மதிப்பு 0.0000489 மட்டுமே. காஸ் மதிப்பின் ஆறாவது தசம இடத்தில் நேரும் சிறு வித்தியாசம் ஆரத்தில் லட்சக்கணக்கான முழங்களாக வந்து விழுகிறது. கோணத்தை அளப்பதிலும் அப்படித்தான்: ஒரு நிமிடம் பிசகினால் ஆரம் சுமார் 6 சதவீதம் மாறிவிடும். போதாக்குறைக்குக் காற்றில் ஒளி வளைவதால் தொடுவானம் இருக்க வேண்டிய இடத்தைவிடச் சற்று மேலே தெரியும். தேர்ந்த விகிதம் சரியாக இருந்தாலும் அளவுகளின் துல்லியம் விடையை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைப்பது அரிது.

அதே கணக்கில் 34 நிமிடத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்து படம் போடச் சொல்லிப் பாருங்கள். தொடுவானத்தைப் பார்க்க வேண்டியவர் நேராகத் தம் காலடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோணம் மிகச் சிறியதாக இருக்கும்போது பிழை கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது.

செய்முறையிலும் இதே பிழை வேறு வேடத்தில் வருகிறது. கோணமானியின் நேர்விளிம்பில் உறிஞ்சு குழாயை ஒட்டி, நடுப்புள்ளியில் நூல் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டுப் பள்ளிகளில் சாய்வுமானி செய்வது வழக்கம். குழாயைக் கிடைமட்டமாகப் பிடித்தால் நூல் 90-இல் விழும். மரத்தின் உச்சியைப் பார்க்கும்போது நூல் 65-இல் விழுந்தால் ஏற்றக் கோணம் 65° அல்ல, 25°. மரத்திலிருந்து 12 மீட்டர் தள்ளி நின்று, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தவருக்கு மரம் 12 × 0.4663 + 1.4, அதாவது சுமார் 7 மீட்டர். 65-ஐ அப்படியே எடுத்துக்கொண்டவருக்கு அதே மரம் 27 மீட்டர் ஆகிவிடும். பள்ளி மாடியைவிடத் தாழ்ந்த வேப்ப மரம் 27 மீட்டர் இருக்காது என்று பிள்ளைகளே சிரித்துவிடுவார்கள். ஆனால் நூல் 45-இல் விழும் இடமாகப் பார்த்து நின்று அளக்கச் சொன்னால், கழிக்க மறந்தவர் யார், கழித்தவர் யார் என்று தெரியவே தெரியாது.

இதில் ஓர் உண்மையும் உண்டு. அளக்கும்போது 45° நல்ல கோணம். கோணத்தில் ஒரு பாகை பிசகினால் உயரத்தில் வரும் பிழை 45°-க்கு அருகில் மிகக் குறைவு, சுமார் 3.5 சதவீதம், 10°-யிலோ 80°-யிலோ அது 10 சதவீதத்தைத் தாண்டும். எனவே மரத்தை அளக்க 45°-யை ஒட்டிய இடத்தில் நிற்கலாம். மாணவரை அளக்க அங்கே நிற்கக் கூடாது.

30°, 45°, 60° ஆகியவற்றைப் பாடநூலிலிருந்து தூக்கி எறிய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அட்டவணை இல்லாமல் விடை காண அவை வேண்டும். வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களிடம் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்: இறக்கக் கோணக் கணக்கில் இரண்டு கோணங்கள் வந்தால் அவற்றின் கூட்டுத்தொகை 90 ஆக இருக்க வேண்டாம், ஒரே கோணம் வந்தால் அது 45 ஆக இருக்க வேண்டாம். 35°, 50° என்று வைத்து டேன் மதிப்புகளைக் கேள்வியிலேயே கொடுத்துவிடலாம். விடைக்குறிப்பில் உச்சியின் கிடைமட்டக் கோட்டுக்கென்று தனி மதிப்பெண் ஒதுக்கலாம். அடுத்த பருவத் தேர்வுக்கு வினாத்தாள் எழுத உட்காரும்போது இதைச் செய்து பார்த்து, உங்கள் வகுப்பில் எத்தனை பேருடைய படம் தவறு என்று இதழுக்கு எழுதுங்கள்.