பத்தாயிரம் சரியாக இருந்தது, தரவகம்தான் தவறாக இருந்தது

ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் எழுத வேண்டியதைப் பொதுவெளியிலும் எழுதிவிடுவது நல்லது எனத் தோன்றியது. தரவகம் திரட்டும் மொழியியல் மாணவர்கள் பலரும் இதே பள்ளத்தைக் கடந்துதான் போகிறார்கள். விழுந்தது தெரியாமலே பலர் கடந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

‘-ஆக்கம்’ என்னும் ஈறு இன்றைய செய்தித் தமிழில் எவ்வளவு ஆக்கத்திறனுடன் இயங்குகிறது என்பது என் கேள்விகளுள் ஒன்று. அதற்காக ஒரு செய்தித்தளத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து கட்டுரைகளை இறக்கினேன். மொத்தம் 10,000 கட்டுரைகள் எனக் காப்பகம் சொன்னது. ஒரு கோரிக்கைக்கு 100 கட்டுரைகள், புதியது முதலில் என்னும் வரிசை, நாளொன்றுக்கு 20 கோரிக்கைகள் என்னும் வரம்பு. எனவே நாள்தோறும் அதிகாலை 4 மணிக்கு நிரல் ஓடியது. ஐந்து நாள்களில் 100 பக்கங்கள் வந்தன. எண்ணிப் பார்த்தேன்: 10,000 கட்டுரைகள். நிறைவோடு அடுத்த வேலைக்குப் போனேன்.

சில வாரங்கள் கழித்து, ஒரே வாக்கியம் ஒரே தேதியில் இரண்டு முறை வந்ததைத் தற்செயலாகக் கண்டேன். கட்டுரை எண்களை ஒப்பிட்டபோது தனித்த எண்கள் 9,520 மட்டுமே இருந்தன. 480 கட்டுரைகள் இருமுறை வந்திருந்தன.

காரணம் எளியது. ஆஃப்செட் முறையில் நாம் தரவுத்தளத்திடம் கேட்பது, “வரிசையில் முதல் 2,000 பதிவுகளைத் தள்ளிவிட்டு அடுத்த 100-ஐக் கொடு” என்பதுதான். ‘நேற்று நான் நிறுத்திய கட்டுரைக்கு அடுத்தது’ என்று நாம் கேட்பதே இல்லை. 2,000 என்பது ஓர் இடத்தின் எண். எந்தக் கட்டுரையின் அடையாளமும் அன்று. முதல் நாள் 20 பக்கங்களை எடுத்து நிறுத்தினேன். மறுநாள் அதிகாலைக்குள் தளத்தில் 120 புதிய கட்டுரைகள் ஏறியிருந்தன. அவை வரிசையின் தலையில் அமர்ந்ததால், பழையவை ஒவ்வொன்றும் 120 இடங்கள் கீழிறங்கின. ஆகவே மறுநாள் நான் பெற்ற 21-ஆம் பக்கத்தில் இருந்தவை, முந்தைய நாள் 1,881 முதல் 1,980 வரையிலான இடங்களில் இருந்த கட்டுரைகள். அந்தப் பக்கம் முழுவதும் முன்பே வந்தது. 22-ஆம் பக்கத்தின் முதல் 20 கட்டுரைகளும் அவ்வாறே. நாளுக்கு 120 வீதம், நான்கு இடைவெளிகளில் 480.

இதனினும் பெரிய இழப்பு மறுமுனையில் நேர்ந்தது. நான் 100 பக்கங்களோடு நிறுத்திக்கொண்டேன் அல்லவா? அதற்குள் காப்பகத்தின் மிகப் பழைய 480 கட்டுரைகள் 10,000-ஆம் இடத்துக்குக் கீழே சரிந்துவிட்டன; அவை என் கைக்கு வரவே இல்லை. வந்த மிகுதியும் வராத குறையும் ஒன்றையொன்று சமன்செய்ததால் மொத்த எண்ணிக்கை பிசகவில்லை. எண்ணிக்கை பொருந்துகிறது என்பதையே சரிபார்ப்பாகக் கொள்வோருக்கு இந்தப் பிழை என்றுமே புலப்படாது.

‘இரட்டிப்புகளை நீக்கிவிட்டால் போயிற்று’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். நீக்கினால் மிகுதி போகும். விடுபட்டவை திரும்பி வரமாட்டா. இரட்டிப்புகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும் நிரல், விடுபடலுக்கு நம்மிடம் இருந்த ஒரே சாட்சியத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது. கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் நோக்கி இறக்குபவர்களுக்கு அந்தச் சாட்சியமும் கிடைக்காது. அங்கே தலையில் புதியவை நுழையும்போது, இன்னும் படிக்காத கட்டுரைகள் ஏற்கெனவே படித்து முடித்த இடங்களுக்குள் இறங்கிவிடுகின்றன. ஒன்றும் இருமுறை வராது. சில வராமலே போகும்.

மொழியியலாருக்கு இது ஏன் பொருட்டாக வேண்டும்? ஓர் ஈற்றின் ஆக்கத்திறனை அளக்க ஹரால்ட் பாயென் முன்வைத்த அளவை நம்மில் பலர் கையாள்கிறோம்: அந்த ஈறு கொண்ட சொற்களுள் தரவகத்தில் ஒரே ஒருமுறை வருபவற்றின் எண்ணிக்கையை, அந்த ஈறு வரும் மொத்த இடங்களின் எண்ணிக்கையால் வகுப்பது. எடுத்துக்காட்டாக, மொத்தம் 400 இடங்கள், அவற்றுள் 40 ஒருமுறைச் சொற்கள் என்றால் மதிப்பு 0.100. இப்போது 5 விழுக்காட்டுக் கட்டுரைகள் இரட்டித்தன என்க. மொத்த இடங்கள் 420 ஆகும். இரட்டித்த கட்டுரைகளில் இருந்த 2 ஒருமுறைச் சொற்கள் இருமுறைச் சொற்களாகிவிடும், எஞ்சுவது 38. மதிப்பு 0.090. பகுதி கூட, தொகுதி குறைய, 5 விழுக்காட்டு இரட்டிப்பு ஏறத்தாழ 10 விழுக்காட்டுச் சரிவாகிறது. ஓர் ஈறு வழக்கிழந்து வருகிறது என்று ஒரு முடிவையே இதன்மேல் எழுப்பிவிட முடியும். விடுபட்டவை மிகப் பழைய கட்டுரைகள் என்பதால், ஒரு சொல் முதன்முதலில் எப்போது வந்தது என்னும் கேள்விக்கும் என் தரவகம் தவறான விடையே தந்திருக்கும்.

தீர்வு தரவுத்தளத் துறையில் நெடுநாளாக உள்ளதே. இடத்தின் எண்ணைச் சொல்லாமல், கடைசியாகப் பெற்ற பதிவின் அடையாளத்தைச் சொல்ல வேண்டும்:

```
SELECT id, published_at, title
FROM articles
WHERE (published_at, id) < (:last_published_at, :last_id)
ORDER BY published_at DESC, id DESC
LIMIT 100;
```

தலையில் எத்தனை புதியவை ஏறினாலும் ‘இந்தக் கட்டுரைக்கு முந்தையவை’ என்னும் கேள்வியின் பொருள் மாறாது. `id` உடன் வருவதற்கும் காரணம் உண்டு: ஒரே நேரம் பதிந்த இரு கட்டுரைகளுள் எது முன், எது பின் என்பது அது இல்லாவிட்டால் உறுதியாகாது. இம்முறையில் நேரடியாக 57-ஆம் பக்கத்துக்குத் தாவ முடியாது. வெளியீட்டு நேரமே பின்னர் திருத்தப்பட்டால் இதுவும் காக்காது. ஆனால் முழுத் தொகுப்பையும் இறக்குபவருக்குத் தாவல் தேவையும் இல்லை.

காப்பகம் ஆஃப்செட்டை மட்டுமே தருமானால், மேல்வரம்பாக ஒரு தேதியை முதல் நாளே நிலைநிறுத்துங்கள். அதற்கும் வழியில்லையேல் பழையது முதலில் என்று கேளுங்கள். புதியவை வாலில் சேரும், நடுவில் நகர்வு நேராது. எனினும் ஏதேனும் நீக்கப்பட்டால் இடைவெளி விழும். எனவே ஒவ்வொரு முறையும் 100 தள்ளாமல் 90 தள்ளி, முந்தைய பக்கத்தின் கடைசிப் பத்தும் இந்தப் பக்கத்தின் முதல் பத்தும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையெனில் வரிசை நகர்ந்துவிட்டது என்று பொருள்.

‘டோக்கன் தருகிறார்கள், ஆகவே பாதுகாப்பு’ என்றும் எண்ணிவிட வேண்டா. பல்கலைக்கழகக் களஞ்சியங்கள் பல இயங்கும் டிஸ்பேஸ் மென்பொருளில் அறுவடை நெறிமுறை தரும் `resumptionToken` பெரும்பாலும் `oai_dc////100` என்பதுபோல் இருக்கும். இறுதியில் நிற்கும் 100 வேறொன்றும் அன்று, அதே ஆஃப்செட்தான்.

என் கோரிக்கை ஒன்றே. எந்தச் சொற்பிரிப்பானைப் பயன்படுத்தினோம், அதன் எந்தப் பதிப்பு என்றெல்லாம் ஆய்வேட்டில் எழுதுகிறோம். தரவை எந்த வரிசையில், எந்த முறையில், எத்தனை நாள்களில் இறக்கினோம், எத்தனை இரட்டிப்புகள் வந்தன என்பதையும் நான்கு வரிகளில் எழுதுவோம். நெறியாளர்களும் வாய்மொழித் தேர்வாளர்களும் அதைக் கேட்க வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு வாக்கியம் இருமுறை கண்ணில் பட்டிராவிட்டால் நானும் சொல்லியிருக்கமாட்டேன். இப்போது எல்லாவற்றையும் மீண்டும் இறக்கிக்கொண்டிருக்கிறேன்.