உட்காரும் உரிமையும் தண்ணீர் குடிக்கும் நேரமும்
பணியிடங்களிலும் பள்ளிகளிலும் ஆரோக்கியம் பேணுதல் குறித்து எமது சங்கத்தின் நிலைப்பாடு

பள்ளிப் பிள்ளைகளுக்கும் கடைகளில் உழைப்போருக்கும் ஆரோக்கியத்தைப் பற்றிப் போதிக்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் அந்தப் போதனையைக் கேட்டவர், மறுநாள் காலையில் அதன்படி நடக்க முற்படும்போது, அவர் நாள் முழுவதையும் கழிக்கும் இடம் அதற்கு வழிவிடுகிறதா என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. இக்கேள்விக்கு எமது சங்கம் அளிக்கும் விடையே இவ்வறிக்கை.

எமது நிலைப்பாடு

ஒரு பணியிடத்தின் நேர அட்டவணை, இருக்கை, கழிப்பறை, மேற்பார்வை முறை ஆகியவையும், ஒரு பள்ளியின் மணியும் வகுப்பறை விதியும், அங்கே நடக்கும் சுகாதாரப் பிரசங்கங்களைவிட ஆரோக்கியத்தை அதிகமாக நிர்ணயிக்கின்றன என்பதும், இவற்றை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் சுகாதாரத் துறையிடம் அல்லாமல் தொழிலாளர் துறை, கல்வித் துறை முதலியவற்றிடம் இருப்பதால் அத்துறைகளின் சட்டங்களும் உத்தரவுகளுமே மெய்யான ஆரோக்கியக் கொள்கைகளாக வேண்டும் என்பதும் எமது தீர்மானமான கருத்து. இந்தக் கருத்து புதிதன்று. 1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டிய மாநாடு வெளியிட்ட சாசனம், ஆரோக்கியத்தை வளர்க்கும் ஐந்து வழிகளில் முதலாவதாக ஆரோக்கியமான பொதுக் கொள்கையை வைத்தது. தனிமனிதரின் திறனை வளர்க்கும் போதனை அப்பட்டியலில் நான்காவதாகவே வருகிறது. 1988இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் கூடிய இரண்டாம் மாநாடு முழுவதுமே பொதுக் கொள்கையைப் பற்றியதாக இருந்தது.

ஒரு நாற்காலியின் சரித்திரம்

துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்ணின் கால்களில் என்ன நிகழ்கிறது என்பதை முதலில் சொல்லுவோம். ஒருவர் அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரை நாளத்தின் அழுத்தம் பாதரச அளவில் ஏறக்குறைய 90 மில்லிமீட்டராக இருக்கிறது. அவர் நடக்கத் தொடங்கியவுடன், கெண்டைக்கால் தசை ஏற்றம் இறைப்பதுபோல் இரத்தத்தை மேலே தள்ளுவதால், அது 30க்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்நாளங்களின் உள்ளே உள்ள வால்வுகள் இரத்தம் கீழே திரும்பாதபடி காக்கின்றன. வருஷக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கும் வால்வுகள் தளரத் தளர, ஜனங்கள் நரம்புச் சுருட்டல் என்று சொல்லும் வெரிகோஸ் நோய் வெளிப்பட்டு, வீக்கமும் முற்றிய நிலையில் ஆறாத புண்ணும் உண்டாகின்றன. டென்மார்க்கில் பணியாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சியில், வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றோ நடந்தோ கழித்தவர்கள் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. இத்தகையவருக்கு, 'அவ்வப்போது உட்காருங்கள், கால்களை உயர்த்தி வையுங்கள்' என்று வைத்தியர் சொல்லும் புத்திமதி முற்றிலும் சரியானதே. உட்கார்ந்தால் கண்டிக்கும் மேற்பார்வையாளர் உள்ள கடையில் அதற்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை.

இந்த முரண்பாட்டைக் கேரளத்தின் கடைப் பெண்கள் வைத்தியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் முன்னதாகவே உணர்ந்தார்கள். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில், தையல் தொழிலாளியான விஜி என்பவரின் முன்முயற்சியில் உருவான 'பெண்கூட்டு' என்னும் அமைப்பு முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை. கடையில் கழிப்பறை இல்லாத காரணத்தால் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்துவந்த பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று சகஜமாயிருந்தது. அந்தக் கோரிக்கையைத் தொடர்ந்து உட்காரும் உரிமைக்கான கிளர்ச்சி வளர்ந்தது. 2018ஆம் ஆண்டில் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்திப் பணியாளர்களுக்கு இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் இதே நோக்குடன் மசோதா கொண்டுவரப்பட்டு, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. வேலையினிடையே உட்காரச் சந்தர்ப்பம் வாய்க்கும்போதெல்லாம் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் ஒவ்வொரு நிறுவனமும் ஊழியர் அனைவருக்கும் தக்க இருக்கை வசதி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நோயைப் பற்றிய இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

சட்டம் தவறும் இடம்

இருக்கை போடுவதும் உட்கார விடுவதும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே, மூன்று பெண் பணியாளருக்கு ஓர் இருக்கை வீதம் கடைகளில் வைக்க வேண்டும் என்று ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. எண்ணிக்கையை அவ்வளவு திட்டமாகச் சொன்ன அச்சட்டத்துக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகும் இதே உரிமைக்காகப் பெண்கள் வீதியில் நிற்க வேண்டியிருந்தது என்றால், எண்ணிக்கை மட்டும் போதாது என்பது வெளிப்படை. நமது 22-அ பிரிவோ எண்ணிக்கையைக்கூடக் குறிப்பிடவில்லை; 'தக்க இருக்கை' என்பது எது என்பதை முதலாளியின் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறது. ஆகவே, கடையின் பின்கட்டில் நாலு முக்காலிகளை அடுக்கிவைத்து, ஆய்வாளர் வரும்போது மட்டும் அவற்றை வெளியே எடுப்பது சட்டத்துக்கு இணங்கிய செயலாகவே தோற்றமளிக்க இடமுண்டு.

சட்டம் உயிரோடிருக்கிறதா என்பதை அறியும் வழி கடினமானதல்ல. முக்காலியின் மேல் துணிக்கட்டுகளோ அட்டைப்பெட்டிகளோ இருந்தால் அதில் யாரும் உட்காருவதில்லை என்பது பிரத்தியட்சம். வேலை செய்யும் மேசையிலிருந்து எட்டாத தூரத்தில் இருக்கை இருந்தாலும், முதுகுச் சாய்வு இல்லாமல் உயரமும் பொருந்தாமல் இருந்தாலும், முடிவு அதேதான். வாடிக்கையாளர் குறைவாக வரும் பிற்பகலில் முன்னறிவிப்பின்றிச் சென்று, பத்துப் பேரில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவது, நாற்காலிகளை எண்ணுவதைவிட உண்மையை அதிகமாகச் சொல்லும். கண்காணிப்புக் காமிராவில் பார்த்துச் சம்பளத்தைப் பிடிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அங்கே எத்தனை நாற்காலி போட்டும் பயனில்லை. நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பதும் உடலுக்கு நல்லதல்ல என்பதையும் நாம் மறக்கவில்லை. நிற்பதும் நடப்பதும் அமர்வதும் மாறிமாறி வரும்படி வேலையை அமைத்துக்கொள்ளும் சுதந்திரம் பணியாளருக்கு வேண்டும் என்பதே இதன் தாத்பரியம்.

பள்ளியிலும் இதே நியாயம்

மிட்டாய்த் தெருப் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்த அதே காரணத்தால், பள்ளிச் சிறுமிகளும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்காமல் மாலையில் அப்படியே திருப்பி எடுத்துச் செல்லுகிறார்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், சிறுவருக்கும் சிறுமியருக்கும் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் பள்ளிக்கு இருந்தாக வேண்டும் என்று தன் அட்டவணையில் கூறியிருக்கிறது. கட்டடம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று கருதும்போதுதான் கணக்குத் தவறுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 200 சிறுமியர் படிக்கும் பள்ளியில் 5 கழிப்பறைகள் இருப்பதாகவும், நடுவேளையில் 10 நிமிஷ இடைவேளை விடுவதாகவும் வைத்துக்கொள்ளுவோம். ஒருத்திக்கு 2 நிமிஷம் என்றால் ஒரு கழிப்பறையில் 5 பேர், ஐந்திலும் சேர்த்து 25 பேர்தான் அந்த இடைவேளையில் சென்றுவர முடியும். சிறுமியரில் நான்கில் ஒரு பங்கினருக்கு மட்டும் தேவை ஏற்பட்டாலே, அது 50 பேர். பாதிப்பேர் அடக்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டும். இங்கே மேலும் 5 கழிப்பறைகள் கட்டுவதற்குப் பணமும் இடமும் காலமும் தேவை. ஆனால் வகுப்புகளுக்கு வேறுவேறு நேரத்தில் இடைவேளை விடுவதற்கும், பாட நடுவில் கேட்கும் பிள்ளையைத் தடுக்கக் கூடாது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லுவதற்கும், தலைமையாசிரியரின் ஒரு கையெழுத்து போதும். கேரளப் பள்ளிகளில் 2019இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கத் தொடங்கியது இவ்வகைச் சிந்தனையின் பலனே. தண்ணீர் மணி அடித்துவிட்டுக் கழிப்பறைக்கு அனுமதி மறுப்பது மட்டும் கூடாது. இரண்டும் ஒரே உத்தரவில் இருக்க வேண்டும்.

எதிர்பார்க்கத் தகாதவை

இம்முறையின் எல்லைகளையும் சொல்லிவிடுவது எமது கடமை. ஆரோக்கியம் வளர்க்கும் பள்ளி என்னும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் திட்டத்தைப் பற்றிய 67 பரிசோதனைகளை 2014இல் ஒருசேர ஆராய்ந்தவர்கள், உடலுழைப்பு, பழம் உண்ணுதல், புகைத்தல், சக மாணவரால் துன்புறுத்தப்படுதல் முதலியவற்றில் நன்மை உண்டு, ஆனால் அது சிறிய அளவினதே என்று கண்டார்கள். மதுப்பழக்கத்திலும் மனநலத்திலும் உறுதியான பலன் தெரியவில்லை. சிறிய நன்மையும் லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் சேரும்போது பெரிதாகும் என்பதால் நாங்கள் இதை ஆதரிக்கிறோம். அற்புதம் நிகழும் என்று யாருக்கும் வாக்களிக்கவில்லை. மேலும், இடத்தைச் சீர்திருத்தும் எந்தத் திட்டமும் அந்த இடத்துக்கு வெளியே நிற்பவரை விட்டுவிடும். படிப்பை நிறுத்திய பிள்ளையைப் பள்ளியின் மணி அழைக்காது. வீட்டுவேலை செய்பவருக்கும் தெருவோர வியாபாரிக்கும் கடைகள் சட்டம் நாற்காலி கொடுக்காது. அவர்களுக்கு வேறு ஏற்பாடு தனியே வேண்டும்.

எமது கோரிக்கைகள்

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறை, 22-அ பிரிவின்கீழ், இருக்கையின் எண்ணிக்கை, உயரம், சாய்வு, வேலை செய்யும் இடத்திலிருந்து அதன் தூரம் ஆகியவற்றைத் தெளிவாக வரையறுத்து விதிகள் வெளியிட வேண்டும். உட்கார்ந்ததற்காகச் சம்பளம் பிடிப்பதும் பணிநீக்கம் செய்வதும் குற்றம் என்பதை அவ்விதிகளில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். ஆய்வாளர்களின் படிவத்தில், 'இருக்கை உண்டா' என்ற கேள்விக்குப் பதிலாக, 'ஆய்வின்போது எத்தனை பேர் அமர்ந்திருந்தனர்' என்ற கேள்வி இடம்பெற வேண்டும்; பெயர் வெளியிடாமல் முறையிட ஊழியருக்கு வழி இருக்க வேண்டும். கடையின் கழிப்பறையும் அதே ஆய்வில் பார்க்கப்பட வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறை, குடிநீருக்கும் கழிப்பறைக்கும் உரிய நேரத்தைக் கால அட்டவணையின் அங்கமாக்கி, பாட நேரத்தில் அனுமதி மறுப்பதைத் தடைசெய்து, கழிப்பறையைச் சுத்தம் செய்யும் பணியாளருக்கும் தண்ணீருக்கும் ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்க வேண்டும்.

கடை முதலாளிகளையும் தலைமையாசிரியர்களையும் நாங்கள் வேண்டிக்கொள்ளுவது ஒன்றுண்டு. விதிகள் வரும்வரை காத்திராமல், தங்கள் ஊழியரையோ மாணவியரையோ அழைத்து, இன்று காலையிலிருந்து எத்தனை முறை தண்ணீர் குடித்தீர்கள், எத்தனை முறை உட்கார்ந்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலுக்குத் தக்கபடி நாளையே மாற்றத்தைத் தொடங்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளுகிறோம்.