அவசரம்னா கால் பண்ணுங்க

"ராத்திரி போனை ஆஃப் பண்ணிடு, நிம்மதியா இரு" என்று அறிவுரை சொல்கிறவர்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். நடுராத்திரியில் கம்ப்ரசர் நின்றால் யாராவது எழுந்து போகத்தான் வேண்டும். நான் எதிர்ப்பது அந்த அழைப்பை அல்ல. அதுவும் "நோட்டட் பாஸ்" என்ற பதிலும் புலனத்தில் ஒரே சத்தத்தோடு வருவதைத்தான்.

கட்டுப்பாட்டு அறைகளுக்கு ஒரு விதி உண்டு. யாராவது உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் மட்டுமே அது அலாரம். மற்றவை வெறும் தகவல். இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸ் நாட்டு மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலை சாட்சி. 1994 ஜூலை 24 அன்று, அங்கே வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆப்பரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் குவிந்தன. எது முக்கியம் என்று அவர்களால் எப்படிப் பிரித்தெடுக்க முடியும்? 26 பேர் காயமடைந்தார்கள்.

எங்கள் குழுவில் ஓர் இரவு எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 14 செய்திகள். ஒரு பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு 9 பதில்கள், நாளைய மீட்டிங் பற்றி 3. மீதி ஒன்றுதான் மெஷின் கோளாறு. அந்த ஒன்றுக்காகப் பதினான்கையும் திறந்து பார்த்தாக வேண்டும். உடம்பை விறைப்பாகவே வைத்திருப்பது செய்தியின் எண்ணிக்கை அல்ல, 'இது அதுவாக இருக்குமோ' என்ற சந்தேகம். செய்தியே வராத இரவிலும் கை போனைத் தேடுவது அதனால்தான்.

இது ஏன் நிற்கவில்லை? அனுப்புகிறவருக்குச் செலவே இல்லை. மலேசிய வேலைச் சட்டத்தில் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் பொதுவாக மாதம் 4,000 ரிங்கிட்டுக்குள் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான். சில வருட அனுபவமுள்ள இன்ஜினியர் பலர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள். 2023-இல் வார வேலை நேரத்தை 48-லிருந்து 45 மணியாகக் குறைத்த திருத்தம், இரவுச் செய்தியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அதனால் நாம் கேட்க வேண்டியது இதுதான். வேலைக் குழுவை எல்லாரும் மியூட் செய்யலாம். அவசரம் என்றால் தொலைபேசி அழைப்பு மட்டும், அதுவும் அந்த வாரம் முறை வைத்திருக்கும் ஒருவருக்கு மட்டும். அவர் வரும் அழைப்புகளைக் குறித்து வைக்கட்டும்: காலை வரை காத்திருந்தால் என்ன கெட்டிருக்கும்? பாதிக்குமேல் 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், பழைய பழக்கம் போனுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முறைப்பட்டியல் இல்லாமல் ஒருவர் மட்டும் மியூட் செய்தால், சுமை மியூட் செய்யத் தயங்குகிறவர் தலையில் விழும். பெரும்பாலும் அது புதிதாகச் சேர்ந்த பையன் அல்லது பெண். அதனால் தனியாகச் செய்யாதீர்கள், சேர்ந்து கேளுங்கள்.

"கால் பண்ணா தொந்தரவா இருக்குமேன்னு மெசேஜ் போட்டேன்" என்பார்கள். கால் பண்ணத் தயங்குகிற விஷயம் என்றால், அது காலை எட்டு மணிக்கான விஷயம்.