சூத்திரம் எழுத முன்னர் குடுவைக்குள் பாருங்கள்

உயர்தர இரசாயனவியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியாமல் அல்ல. கரைசலில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கணக்கைத் தொடங்குகிறார்கள்.

கேள்வி இதுதான். 0.10 mol dm⁻³ அசற்றிக் அமிலம் 25 cm³ இற்கு, 0.10 mol dm⁻³ சோடியம் ஐதரொட்சைட்டு 10 cm³ சேர்க்கப்படுகிறது. Ka = 1.8 × 10⁻⁵ mol dm⁻³. pH என்ன?

அமிலம் 2.5 மில்லிமூல், காரம் 1.0 மில்லிமூல். காரம் முழுவதும் தாக்கமடைய, 1.5 மில்லிமூல் அமிலம் மிஞ்சும். இதுவரை எல்லோரும் சரி. அதன்பின் பலர் 1.5 ஐ 35 cm³ ஆல் பிரித்து, மென்னமிலம்தானே என்று [H⁺] = √(Ka × C) என எழுதி, pH 3.06 என்று முடிக்கிறார்கள்.

அந்த வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது? தனி மென்னமிலத்தில் H⁺ உம் அசற்றேற்று அயனும் ஒரே கூட்டற்பிரிகையிலிருந்து வருவதால் இரண்டும் சமம் என்று எடுத்தோம். இங்கு அது பொருந்தாது. தாக்கத்தால் உருவான 1.0 மில்லிமூல் அசற்றேற்று ஏற்கனவே குடுவைக்குள் இருக்கிறது. அமிலமும் அதன் உப்பும் சேர்ந்திருப்பதால் இது தாங்கற் கரைசல். ஆகவே,

[H⁺] = Ka × 1.5/1.0 = 2.7 × 10⁻⁵ mol dm⁻³
pH = 4.57

இரண்டும் ஒரே 35 cm³ இல் இருப்பதால் கனவளவு வெட்டுப்பட்டுப் போகும்.

விடை சரியா என்று பார்க்கவும் வழி உண்டு. 12.5 cm³ காரம் சேர்த்தால் அமிலத்தில் பாதி நடுநிலையாகி, pH உம் pKa உம் சமமாகும்; அது 4.74. நாம் சேர்த்தது 10 cm³, பாதிக்குச் சற்று முன்னர். எனவே 4.74 இற்குச் சற்றுக் குறைவான விடைதான் வர வேண்டும். 3.06 என்றால் அந்த இடத்திலேயே சந்தேகம் வர வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 25 cm³ சேர்த்ததும் அமிலம் மிஞ்சாது, அசற்றேற்று மட்டுமே இருக்கும். அங்கு தாங்கற் சமன்பாடும் உதவாது; அசற்றேற்று நீருடன் தாக்கமடைவதால் pH 7 இற்கு மேலே போகும்.

ரியூஷனில் “pH சூத்திரங்கள் ஒரே பக்கத்தில்” என்று கொடுக்கும் தாளை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான். எந்தச் சூத்திரம் எப்போது என்பதை அந்தப் பக்கம் சொல்லாது. தாக்கத்திற்கு முன்னும் பின்னும் உள்ள மூல்களை ஒரு சிறிய அட்டவணையாகப் போட்டால் தெரியும். அமிலம் மட்டும் மிஞ்சினால் வர்க்கமூலம், அமிலமும் உப்பும் என்றால் தாங்கல், உப்பு மட்டும் என்றால் நீர்ப்பகுப்பு.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளை கடந்தகால வினாத்தாள் செய்யும்போது விடையைக் கேட்காதீர்கள். “இப்போ குடுவைக்குள்ள என்ன மிச்சம் இருக்கு?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அதைக் கேட்க நீங்கள் இரசாயனவியல் படித்திருக்கத் தேவையில்லை.