நான்கு யூனிட் என்னும் பொய்க்கோடு

கூரைச் சூரிய மின்னமைப்பை விற்போர் சொல்லும் கணக்கு எளியது: ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட். ஆண்டுச் சராசரி என்ற அளவில் அதில் பெரும்பிழை இல்லை. அந்தச் சராசரியையே அன்றாட எதிர்பார்ப்பாக்கி, அதற்குக் கீழே விழும் நாள்களையெல்லாம் ‘குறை உற்பத்தி நாள்’ என்று குறிக்கும் வழக்கம் ஆய்வேடுகளுக்குள்ளும் நுழைந்திருப்பதுதான் பிழை. பெங்களூரில் இந்தக் கோடு நலமான அமைப்பைக் குற்றம் சாட்டுகிறது. பழுதுற்ற அமைப்பை விடுவிக்கிறது.

பெங்களூரில் 3 கிலோவாட் கூரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு யூனிட் கணக்கின்படி அதன் கோடு 12 யூனிட். ஜூலையில் மேகம் மூடிய ஒரு நாளில் தகட்டின் சாய்தளத்தில் சதுர மீட்டருக்கு 3 யூனிட் கதிர்வீச்சு விழுகிறது; பதிவேடு காட்டும் உற்பத்தி 6.9. மார்ச்சில் வானம் தெளிந்த ஒரு நாளில் கதிர்வீச்சு 6.5, உற்பத்தி 12.4. நிலைக்கோடு ஜூலை நாளைக் குறிக்கும், மார்ச் நாளைக் கடந்துபோகும்.

இனி எதிர்பார்ப்பைக் கதிர்வீச்சிலிருந்து கணக்கிட்டால் என்னவாகும்? நிறுவுதிறனைக் கதிர்வீச்சால் பெருக்கி, வெப்பம், கம்பி, இன்வெர்ட்டர் ஆகியவற்றில் நேரும் இயல்பான இழப்புக்காக 0.78 என்னும் செயல்திறன் விகிதத்தால் மீண்டும் பெருக்கினால், ஜூலை நாளுக்கு 7.0 யூனிட், மார்ச் நாளுக்கு 15.2 யூனிட் கிடைக்கும். ஜூலையில் அமைப்பு தன்னால் இயன்றதில் 98 விழுக்காட்டைத் தந்திருக்கிறது. மார்ச்சில் தந்தது 82 விழுக்காடு மட்டுமே. சனவரி முதல் மழையின்றிப் படிந்த தூசி நாளுக்கு 2.8 யூனிட்டைத் தின்கிறது. அந்நிலை நீடித்தால் மார்ச் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 87 யூனிட் போகும். வீட்டுக்காரருக்கு இது தெரியவே தெரியாது. இருவழி மீட்டர் வாங்கியதையும் அனுப்பியதையும் காட்டுமேயன்றி, விளைந்திருக்க வேண்டியதைக் காட்டாது.

இதற்கு மாற்றாக, அமைப்பின் சென்ற ஆண்டுப் பதிவேட்டிலிருந்தே எதிர்பார்ப்பைக் கற்றுக்கொள்ளும் மாதிரிகள் முன்வைக்கப்படுகின்றன. இது இன்னும் நுட்பமான தவறு. சென்ற மார்ச்சிலும் தகடு கழுவப்படவில்லையென்றால், தூசியே இயல்பு என்று மாதிரி கற்றுக்கொள்ளும். பக்கத்துக் கூரையின் நீர்த்தொட்டி நிழல் முதல் நாளிலிருந்தே விழுந்தால், அந்த இழப்பு என்றைக்கும் கொடியேறாது. குற்றவாளியின் வாக்குமூலத்தைக் கொண்டே அவனை அளப்பது போன்றது இது. எதிர்பார்ப்பு பதிவேட்டுக்கு வெளியிலிருந்து வர வேண்டும்.

வெளித்தரவுக்கும் எல்லை உண்டு. இலவசமாகக் கிடைக்கும் NASA POWER தரவின் சூரியக் கதிர்வீச்சுக் கட்டம் ஒரு பாகை அகலமுடையது, அதாவது ஏறத்தாழ 110 கிலோமீட்டர். ஒயிட்பீல்டில் மழை பெய்யும்போது கெங்கேரியில் வெயில் அடிக்கும்; ஆனால் இரண்டும் அந்தக் கட்டத்துக்கு ஒரே புள்ளி. ஆகவே மேகமூட்டமான ஒற்றை நாளை வைத்து எந்தத் தீர்ப்பும் கூடாது. `ALLSKY_SFC_SW_DWN` மதிப்பை `CLRSKY_SFC_SW_DWN` மதிப்பால் வகுத்து, விகிதம் 0.85-க்கு மேல் வரும் தெளிந்த நாள்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். இவை கிடைத்தளக் கதிர்வீச்சு என்பதால், தகட்டின் சாய்வுக்கேற்ப மாற்றிய பிறகே பெருக்க வேண்டும். அந்த நாள்களில் உற்பத்தி விகிதம் தொடர்ந்து மூன்று முறை 0.9-க்குக் கீழே போனால் கொடியேற்றலாம். இந்த வரம்புகள் வேதவாக்கல்ல. கழுவிய தகட்டில் சில வாரம் அளந்து திருத்திக்கொள்ள வேண்டியவை. பருவமழைக் காலத்தில் தெளிந்த நாள்கள் அரிது என்பதால் சிறு இழப்புகள் அப்போது தாமதமாகவே பிடிபடும். அந்தத் தாமதத்தை ஆய்வேடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

கொடியேறிய நாளும் தீர்ப்பன்று. பதிவேட்டில் சுழியம் இருந்தால், தகட்டைக் குறை சொல்லுமுன் இன்வெர்ட்டரின் மொத்த உற்பத்தி எண்ணியைப் பார்க்க வேண்டும். அது ஏறியிருந்தால் அறுந்தது இணைய இணைப்பு மட்டுமே. பகலின் வளைகோடு நடுவில் சட்டெனச் சுழியத்துக்கு விழுந்து மீண்டால் மின்வெட்டு. கட்டமைப்பில் மின்சாரம் இல்லாதபோது இணைந்த இன்வெர்ட்டரும் நின்றுவிடும். நாள்தோறும் ஏறத்தாழ ஒரே மணியில் பள்ளம் விழுந்தால் நிழல். வளைகோடு முழுவதும் சீராகத் தாழ்ந்து, வாரந்தோறும் மெல்லச் சரிந்து, முதல் கோடைமழைக்கு மறுநாள் எழுந்தால் தூசி. ஒரே நாளில் படியிறங்கி மழைக்குப் பின்னும் எழாமல் நின்றால் தகட்டு வரிசையொன்று துண்டிக்கப்பட்டிருக்கக்கூடும்.

3 கிலோவாட் கூரைக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தரும் பிஎம் சூர்யா கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. பொதுப்பணத்தில் நிறுவப்பட்ட தகடுகளின் நலத்தை ஒரு சராசரி எண்ணால் அளந்துவிட்டு, எத்தனை நாள் கொடியேறியது என்பதை முடிவாக வெளியிடும் ஆய்வு உண்மையில் அளந்தது தகட்டையன்று, மேகத்தை.