கார்டை மாற்றுமுன் ஆண்டெனாவை நகர்த்துங்கள்

ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டில் பாரிஸ் நேரம். என் மனைவியின் அக்கா அங்கிருந்து வீடியோவில் வருவார். கொஞ்ச நாளாக அவர் முகம் பேச்சின் நடுவே அப்படியே நின்றுவிடும். எண்பதைத் தாண்டியவர், “கேக்குதா? கேக்குதா?” என்று அலுத்துப்போய் வைத்துவிடுவார்.

கடையில் கேட்டால், கேபினெட்டுக்குள் பொருத்தும் வைஃபை கார்டு ஒன்றை 3000 ரூபாய்க்கு வாங்கச் சொன்னார்கள். அவசரப்பட வேண்டாம் என்பது என் கட்சி.

நம் புதுச்சேரிப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை, கூடம், முற்றம், ஒன்றரை அடிச் செங்கல் சுவர். என் ரவுட்டர் கூடத்தில். கம்ப்யூட்டர் முற்றம் தாண்டிய பின்னறையில். நகம் அளவு யுஎஸ்பி அடாப்டர் கேபினெட்டின் முதுகில் செருகியிருந்தது. முன்னால் இரும்புப் பெட்டி, பின்னால் சுவர், மேலே மேசை. அலை எப்படி வரும்? புதுக் கார்டின் ஆண்டெனாக்களும் அதே முதுகில்தான் திருகப்படும். கிணறு அதேதான், தவளை மட்டும் விலை உயர்ந்தது.

முதலில் அளந்து பார்த்தேன். விண்டோஸில் கறுப்புத் திரையைத் திறந்து இதைத் தட்டினால், Signal என்ற வரியில் சதவீதம் தெரியும்:

```
netsh wlan show interfaces
```

எனக்கு 38%. பிறகு 150 ரூபாய்க்கு ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, அதே பழைய அடாப்டரை வாசற்படி ஓரத்துப் புத்தக அலமாரியில் வைத்தேன். அங்கிருந்து முற்றம் தெரியும். அலைக்குச் சுவரைத் துளைக்கும் வேலை குறைவு. 61% ஆனது. அப்புறம்தான் நீள ஆண்டெனா வைத்த யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். அதே இடத்தில் 78%.

கார்டுதான் வேண்டும் என்றால், ஆண்டெனா தனி ஒயரில், காந்த அடியோடு வருவதாகப் பாருங்கள். காந்தம் இருக்கிறதே என்று இரும்பு பீரோவில் ஒட்டாதீர்கள். மரத்தின் மேல் நிற்கட்டும். ஆண்டெனாவின் நுனியை ரவுட்டர் பக்கம் நீட்டவும் கூடாது. அலை அதன் பக்கவாட்டில்தான் பரவும். நுனியில் மிகக் குறைவு. ரவுட்டர் அதே தளத்தில் இருந்தால் நேராக நிறுத்தினால் போதும்.

இன்னொன்று. உள்ளே நீல நிறமுள்ள யுஎஸ்பி 3 துளையில் வேலை நடக்கும்போது எழும் இரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை எழுதி வெளியிட்டது. ஆகவே கறுப்புத் துளையில் செருகுங்கள். நீட்டிப்புக் கேபிள் அடாப்டரை அந்த இரைச்சலிலிருந்தும் தள்ளி வைக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு சோதனை: ஆண்டெனா வைக்கப்போகும் இடத்தில் செல்போனை வைத்து அதே வைஃபையில் வீடியோ பேசிப் பாருங்கள். அதிலும் திணறினால், எந்த அடாப்டருக்கும் காசு போடாதீர்கள். ரவுட்டரை முற்றத்துப் பக்கம் நகர்த்துங்கள், அல்லது லேன் ஒயர் இழுத்துவிடுங்கள்.

போன ஞாயிறு அக்கா நாற்பது நிமிடம் தடங்கலின்றிப் பேசினார். அதில் பாதி, என் மனைவியின் வத்தக்குழம்பைப் பற்றிய குறை. ஒரு சொல்லும் விடுபடவில்லை.