யாரும் மறுக்காத வாக்கியம்

"சிறு தொழில்கள் இந்தியப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு." ஒரு தொழிலதிபர் பத்திரிகைக்கு அனுப்பும் கட்டுரை இப்படித் தொடங்கினால் ஆசிரியர் குழுவில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. சிக்கலும் அங்கேதான். இதை மறுத்துப் பேச நாட்டில் ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார். மறுக்க ஆளில்லாத இடத்தில் வாதம் எதற்கு?

உதாரணத்துக்கு, புனே பக்கம் மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் சிறு ஆலை முதலாளி ஒருவரின் கட்டுரை என்று வைத்துக்கொள்ளலாம். நீளம் 1,200 வார்த்தை. பெரிய கம்பெனிகள் பில் பணத்தை இழுத்தடிக்கின்றன என்ற அவரது கோபம் நிஜம். ஆனால் அது வெளிப்படுவது ஐந்தாவது பாராவில். அதற்கு முன் உலகமயமாக்கல், தொலைநோக்கு, கூட்டுறவு மனப்பான்மை. அதற்குப் பின் மலிவுக் கடன், எளிமையான ஜி.எஸ்.டி., தொழிலாளர் பயிற்சி.

பேனாவை எடுப்பதற்கு முன் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சார், யார் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்." முதல் பதில் "அரசு கவனிக்க வேண்டும்" என்றுதான் வரும். இரண்டு, மூன்று முறை கேட்டால் விஷயம் வெளியே வரும்: "சப்ளையர் புகார் செய்யட்டும் என்று காத்திராமல், தாமத வட்டியை வாங்கிய கம்பெனியே கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும்." இதை எதிர்க்க ஆட்கள் உண்டு. எனவே இது கட்டுரை.

இனி ஒவ்வொரு பாராவையும் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதைத் தாங்கினால் இருக்கட்டும், இல்லையென்றால் வெளியே. மலிவுக் கடனும் ஜி.எஸ்.டி.யும் தவறான கருத்துகள் அல்ல. அவை வேறு கட்டுரைகள். முதலாளிக்கு மனசு கேட்காது. நான்கு கோரிக்கைகளை வைத்தால் வாசகருக்கு ஒன்றும் நினைவில் நிற்காது என்பதை அவருக்குப் புரியவைப்பதுதான் வேலையில் பாதி.

அடுத்தது மொட்டைக் கூற்றுகள். "தாமதத்தால் கடும் பாதிப்பு ஏற்படுகிறது" என்றால் எவ்வளவு? ஆலையின் கணக்குப் புத்தகத்திலேயே பதில் இருக்கும். 10 லட்ச ரூபாய் பில். 45 நாளில் வர வேண்டிய பணம் 105-வது நாள் வருகிறது. இடையில் 60 நாள் வங்கியில் 12 சதவீதத்தில் கடன் வாங்கிச் சமாளித்தால் வட்டி ஏறக்குறைய 20,000 ரூபாய். அந்த ஆர்டரில் லாபம் 5 சதவீதம், அதாவது 50,000 என்றால், ஐந்தில் இரண்டு பங்கு காலி. இதற்கு "கடும்" என்ற அடைமொழி தேவையில்லை.

"போதிய சட்டப் பாதுகாப்பு இல்லை" என்ற வரி வெறும் மொட்டைக் கூற்று அல்ல, தப்பு. 2006-ம் வருடச் சட்டமே 45 நாள் கெடு வைக்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் 'பேங்க் ரேட்'டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் அதை வசூலிக்க சப்ளையர்தான் மாநிலக் கவுன்சிலில் மனுப் போட வேண்டும். மனுப் போட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்ற பயம். அந்த வரியைத் திருத்தப் போனால் வாதத்தின் உயிர்நாடியே கிடைத்துவிடுகிறது: சட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் சுமைதான் தவறான தோளில். கம்பெனிகள் இந்தப் பாக்கியையும் வட்டியையும் ஆண்டுக் கணக்கில் காட்டவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. காட்டத் தெரிந்த தொகையைக் கட்டுவதில் என்ன கஷ்டம்?

வெட்டும் வேகத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. "ஓரளவுக்கு", "ஒரு வகையில்" போன்றவை தயக்கம், போகலாம். "குறு, சிறு ஆலைகளுக்கு மட்டும்" என்பது தயக்கம் அல்ல, எல்லை. நடுத்தர ஆலைகளுக்கு இந்த 45 நாள் கெடு கிடையாது. அந்த நான்கு வார்த்தைகளை வெட்டினால் கட்டுரை பொய்யாகிவிடும்.

அந்த எல்லையிலிருந்துதான் எதிர்க்கட்சியும் பேசும்: வட்டி கட்டாயமானால் ஆர்டர்கள் நடுத்தர ஆலைகளுக்குப் போய்விடாதா? கெடு தாண்டிய பாக்கியைக் கட்டிய வருடத்தில்தான் செலவாகக் கழிக்கலாம் என்று 2023-ல் வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டபோதும் இதே பயம் எழுந்தது. கட்டுரை இதற்கு ஒரு பாராவாவது ஒதுக்க வேண்டும். பதில் சொல்ல முடியாவிட்டால் "இந்த நஷ்டம் வரலாம், இருந்தும் இதுவே நியாயம்" என்று ஒப்புக்கொண்டு நிற்கலாம்.

மிஞ்சுவது 500 வார்த்தை. முதுகெலும்பு போய்விட்டது. கட்டுரை இப்போதுதான் நிமிர்ந்து நிற்கிறது.